சட்ட மாணவருக்கு எந்த நீதிமன்றப் படம்? ஒரு படத்தை முன்வைத்துச் சில நடைமுறைக் குறிப்புகள்

சட்டம் படிக்கும் ஒருவருக்கு நீதிமன்றப் படம் தேர்ந்தெடுக்கும்போது பலரும் வாதம் அனல் பறக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். வழக்கறிஞர் கூண்டுக்கு அருகில் போய்க் குரலை உயர்த்துவார், சாட்சி உடைந்து அழுது உண்மையை ஒப்புக்கொள்வார், அரங்கம் கைதட்டும். படமாக அது நன்றாக இருக்கலாம். ஆனால் மாணவருக்கு அதில் கற்க எதுவும் இல்லை. சாட்சி தானாக உடைந்துவிட்டால் சட்டவிதிக்கு அங்கே வேலை இருக்காது. எந்த உண்மையை யார் நிரூபிக்க வேண்டும், எந்த அளவுக்கு நிரூபிக்க வேண்டும் என்ற கேள்வியே எழாமல் வழக்கு முடிந்துவிடும்.

படத்தைத் தேர்வு செய்ய மூன்று கேள்விகள் போதும். வழக்கின் முடிவு எதனால் திரும்புகிறது என்பது முதல் கேள்வி. ஒரு சட்டவிதியும் அதற்குள் பொருந்துமா என்று சந்தேகத்துக்கு இடமான ஓர் உண்மையும் மோதி, அதனால் முடிவு திரும்பினால் அந்தப் படத்தை எடுத்துக்கொள்ளலாம். தோற்கும் தரப்புக்கு நியாயமான வாதம் இருக்கிறதா என்பது இரண்டாவது. படம் முடிந்ததும் தோற்ற தரப்புக்காக நான்கு வரி வாதம் எழுத முடிய வேண்டும். முடியாவிட்டால் இயக்குநர் நம்மைக் கேட்காமலேயே தீர்ப்பை எழுதிவிட்டார் என்று பொருள். மூன்றாவது, நீதிபதி வேலை செய்கிறாரா? ஆட்சேபம் எழும்போது ஏற்கிறேன், நிராகரிக்கிறேன் என்று மட்டும் சொல்லி மேசையைத் தட்டுகிறாரா, அல்லது எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது, ஏன் என்று ஓரிரு வாக்கியமாவது சொல்கிறாரா? இந்த மூன்றாவது கேள்வியிலேயே பெரும்பாலான படங்கள் விழுந்துவிடும்.

நெறிமுறையையும் கற்பிக்க வேண்டுமென்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கட்சிக்காரரின் நலனும் வழக்கறிஞரின் கடமையும் இருபுறமும் இழுக்கும் காட்சி ஒன்றாவது படத்தில் இருக்க வேண்டும். அதில் எது சரி என்று படம் நமக்குச் சொல்லிக்கொடுக்காமல் இருப்பது இன்னும் நல்லது.

இவை எல்லாவற்றிலும் தேறும் படம் என்று தயங்காமல் சொல்லக்கூடியது 1959இல் வெளிவந்த 'அனாடமி ஆஃப் எ மர்டர்'. கருப்பு வெள்ளைப் படம், இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும். இதன் மூலநாவலை எழுதிய ஜான் வோல்கர், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வழக்கறிஞராக இருந்து, பிறகு அந்த மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியானவர். 1952இல் அவரே எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், தரப்பில் நடத்திய ஒரு கொலை வழக்குதான் நாவலுக்கு அடிப்படை. படத்தில் நீதிபதியாக வரும் ஜோசப் வெல்ச்சும் உண்மையில் வழக்கறிஞர். 1954இல் செனட்டர் மெக்கார்த்தியை எதிர்த்து ராணுவத்தின் சார்பில் பேசிப் பெயர் பெற்றவர். இவ்வளவு இருந்தும் இது படம்தான். எங்கே சட்டம் முடிந்து நாடகம் தொடங்குகிறது என்று கோடு போடப் பழகுவதற்கு இதைவிட நல்ல படம் கிடைப்பது கடினம்.

கதையின் எலும்புக்கூடு இதுதான். லெப்டினன்ட் மேனியன் என்ற ராணுவ அதிகாரி, மதுக்கடை நடத்தும் க்வில் என்பவரைச் சுட்டுக் கொல்கிறார். சுட்டது அவர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. க்வில் தன்னை வன்புணர்வு செய்துவிட்டதாக மேனியனின் மனைவி லாரா சொல்கிறார். அதைக் கேட்டபின், சிறிது இடைவெளி விட்டு, மேனியன் துப்பாக்கியோடு மதுக்கடைக்குப் போகிறார். வழக்கை ஏற்பவர் பால் பீக்லர் என்ற வழக்கறிஞர். 'கொன்றது யார்' என்ற கேள்வியே இல்லாத வழக்கு என்பதுதான் மாணவருக்கு இதிலுள்ள முதல் நன்மை. மர்மத்தைத் துரத்துவதை விட்டுவிட்டு, 'கொன்றவர் சட்டப்படி என்ன குற்றவாளி' என்று கேட்கத் தொடங்குவார்.

சிறைக்குள் நடக்கும் அந்த உரையாடல்

முதலில் நிறுத்திப் பேச வேண்டிய காட்சி படத்தின் தொடக்கப் பகுதியிலேயே வருகிறது. பீக்லர் சிறையில் மேனியனைச் சந்திக்கிறார். அன்று நடந்ததை முழுவதுமாகக் கேட்பதற்கு முன்பே சட்டத்தை விளக்குகிறார். கொலைக் குற்றச்சாட்டை எதிர்க்க நான்கு வழிகள் உண்டு என்கிறார். இது கொலையே அல்ல, தற்கொலை அல்லது விபத்து என்பது ஒன்று. செய்தது நான் அல்ல என்பது இன்னொன்று. சட்டம் அனுமதிக்கும் காரணத்தோடு செய்தேன், உதாரணமாகத் தற்காப்புக்காக, என்பது மூன்றாவது. சட்டம் மன்னிக்கும் நிலையில் இருந்தேன் என்பது நான்காவது. முதல் மூன்றும் மேனியனுக்குப் பொருந்தாது என்று ஒவ்வொன்றாகத் தள்ளுகிறார். மனைவிக்கு நேர்ந்த கொடுமைக்காகக் கணவன் கொல்லலாம் என்ற 'எழுதாத சட்டம்' ஒன்று கிடையாது என்றும் தெளிவாகச் சொல்கிறார். மீதமிருப்பது நான்காவது மட்டும். என்ன காரணங்களைச் சட்டம் மன்னிக்கும் என்று மேனியன் யோசிக்கத் தொடங்குகிறார். தனக்குப் பித்துப் பிடித்திருக்க வேண்டும் என்ற இடத்துக்கு மெல்ல வந்து சேர்கிறார். நெருங்கிவிட்டேனா என்று கேட்கிறார். பீக்லர் நேரடியாகப் பதில் சொல்வதில்லை. எவ்வளவு பித்துப் பிடித்திருந்தது என்று நினைவுபடுத்திப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போகிறார்.

இந்த இடத்தில் படத்தை நிறுத்தி மாணவரிடம் கேட்க வேண்டிய கேள்வி: பீக்லர் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தாரா? 'ஆம்', 'இல்லை' என்று உடனே வரும் பதிலை ஏற்கக்கூடாது. அவர் சொன்ன வாக்கியங்களைத் தனித்தனியாக எழுதிப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றும் சரியான சட்ட விளக்கம். தவறான ஒரு வாக்கியத்தைக்கூடக் காட்ட முடியாது. சிக்கல் இருப்பது வரிசையில். உண்மையைக் கேட்டபின் சட்டத்தைச் சொன்னால் அது ஆலோசனை. சட்டத்தைச் சொல்லிவிட்டு உண்மையைக் கேட்டால், எந்த உண்மை தேவை என்று கட்சிக்காரருக்கு முன்பே தெரிந்துவிடுகிறது.

மறுபக்கத்தையும் அதே கவனத்தோடு வைக்க வேண்டும். எது முக்கியம் என்று தெரியாத கட்சிக்காரர், தனக்குச் சாதகமான உண்மையையே சொல்லாமல் விட்டுவிடலாம். அன்றிரவு எப்படித் தூங்கினார், சுட்டபின் என்ன செய்தார், நடந்தது நினைவில் இருக்கிறதா என்பவை மனநிலைத் தற்காப்புக்குத் தேவை என்று அவருக்கு எப்படித் தெரியும்? சட்டம் படித்த கட்சிக்காரருக்கு இவை முன்பே தெரியும். படிக்காதவரிடமிருந்து மட்டும் மறைப்பது எப்படி நியாயம்? இந்த வாதத்துக்கும் கனம் உண்டு. அதனால்தான் இந்தக் காட்சி சட்ட நெறிமுறை வகுப்புகளில் இன்றும் விவாதிக்கப்படுகிறது.

இதன் அருகில் வைத்துப் படிக்க வேண்டிய விதிகள் உண்டு. அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி நடத்தை விதிகளில் 3.4 என்ற விதி, பொய்ச் சாட்சியம் சொல்ல ஒருவருக்கு ஆலோசனை தருவதையும் உதவுவதையும் தடுக்கிறது. சட்டத்தை விளக்குவதை அது தடுக்கவில்லை. சாட்சியை வழக்கறிஞர் முன்கூட்டியே சந்தித்துத் தயார்செய்வதும் அமெரிக்காவில் வழக்கமான வேலை. இங்கிலாந்தில் கோடு வேறு இடத்தில் இருக்கிறது. 2005இல் மொமொடு என்பவரின் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், குற்ற வழக்குகளில் சாட்சிக்குப் பயிற்சி கொடுப்பது கூடாது என்றும், நீதிமன்றம் எப்படி இயங்கும் என்று பொதுவாகப் பழக்கப்படுத்துவது மட்டுமே சரி என்றும் பிரித்துச் சொன்னது. ஆனால் அந்தத் தீர்ப்பு கட்சிக்காரருக்குச் சட்ட ஆலோசனை தருவதைத் தடுக்கவில்லை. மேனியன் இங்கே இரண்டு வேடத்தில் இருக்கிறார்: ஆலோசனை பெறும் கட்சிக்காரர் அவர்தான், பிறகு கூண்டேறப் போகும் சாட்சியும் அவர்தான். மாணவர் இதைப் பிடித்துவிட்டால் காட்சி தன் வேலையைச் செய்துவிட்டது.

அதே கதை, வேறு சட்டம்: 1959

ஏன் பீக்லர் மனநிலைத் தற்காப்பைத் தேர்ந்தார் என்பது அடுத்த கேள்வி. கணவனின் ஆத்திரம் என்று சொல்லியிருக்கலாமே? சொல்லியிருக்கலாம், ஆனால் கிடைக்கும் பலன் வேறு. ஆத்திரமூட்டப்பட்டதால் செய்தேன் என்ற வாதம் வென்றால் குற்றத்தின் அளவு குறையும், விடுதலை கிடைக்காது. மனநிலைத் தற்காப்பு வென்றால் 'குற்றவாளி அல்ல' என்ற தீர்ப்பே வரும். ஒரு வாதம் உணர்ச்சிக்கு எவ்வளவு பொருத்தம் என்பதை வழக்கறிஞர் கணக்கில் எடுப்பதில்லை. வென்றால் என்ன நிவாரணம் தரும் என்பதை வைத்தே தேர்கிறார். படம் இதை எங்கும் விளக்கிச் சொல்வதில்லை. மாணவர் தானே கண்டுபிடிக்க வேண்டும், அதுவே நல்லது.

இந்தத் தற்காப்புக்கும் ஒரு தடை வருகிறது. மேனியனுக்கு அப்போது சரி எது, தவறு எது என்று தெரிந்திருக்கலாம் என்று அவர் தரப்பு மனநல மருத்துவரே குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொள்ள நேர்கிறது. இங்கிலாந்தின் 1843ஆம் ஆண்டு மெக்நாட்டன் விதிப்படி அது போதும், தற்காப்பு விழுந்துவிடும். பீக்லரும் அவருடைய முதிய நண்பரும் சட்டப் புத்தகங்களுக்கு நடுவே உட்கார்ந்து தேடி, 1886இல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் டர்ஃபி என்பவரின் வழக்கில் தந்த தீர்ப்பைக் கண்டெடுக்கிறார்கள். சரி தவறு தெரிந்திருந்தாலும், தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள முடியாத உந்துதலில் செய்தவருக்கும் இந்தத் தற்காப்பு உண்டு என்பது அதன் சாரம். நீதிபதி தன் அறையில் அந்தப் பக்கத்தைப் படித்து ஏற்கிறார். படத்தில் கற்பனை செய்யப்படாத தீர்ப்பு இது. சட்டத் தொகுப்பில் உண்மையிலேயே இருப்பது. நீதிமன்றப் படங்களில் முன்தீர்ப்பைத் தேடும் வேலைக்கு இவ்வளவு இடம் கொடுப்பது அபூர்வம்.

இங்கேதான் பெரிய ஆபத்தும் இருக்கிறது. படம் பார்த்த மாணவர், 'கட்டுப்படுத்த முடியாத உந்துதல்' என்பதை எங்கும் செல்லுபடியாகும் தற்காப்பு என்று மனதில் பதித்துக்கொள்வார். இந்தியச் சட்டத்தில் அது தனியான தற்காப்பு அல்ல. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவும், அதன் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவும் கேட்பது ஒன்றே: மனநலக் குறைபாட்டால் தன் செயலின் தன்மையையோ, அது தவறானது அல்லது சட்டத்துக்கு மாறானது என்பதையோ அறிய இயலாத நிலையில் இருந்தாரா? அறிந்திருந்தும் அடக்க முடியவில்லை என்பது இதற்குள் வராது. அமெரிக்காவிலும் நிலைமை அப்படியே நிற்கவில்லை. 1984இல் கொண்டுவந்த சட்டத்தின் மூலம் கூட்டாட்சி நீதிமன்றங்கள் இந்த உந்துதல் வாதத்தைக் கைவிட்டன.

ஆகவே மேனியனின் உண்மைகளை அப்படியே எடுத்து இந்தியச் சட்டத்துக்குள் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். இதற்குத் துணையாக ஒரு தீர்ப்பு நன்றாகப் பொருந்துகிறது. படம் வந்த அதே 1959ஆம் ஆண்டு, ஏப்ரல் 27 அன்று பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி, தன் மனைவியோடு உறவில் இருந்த பிரேம் அஹுஜாவைச் சுட்டுக் கொன்றார். ஜூரி எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் குற்றவாளி அல்ல என்றது. செஷன்ஸ் நீதிபதி அந்த முடிவை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். உயர் நீதிமன்றம் கொலைக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 1961 நவம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சுப்பா ராவ்.

அந்தத் தீர்ப்பில் மாணவர் படிக்க வேண்டிய பகுதி, கடும் திடீர் ஆத்திரமூட்டல் பற்றியது. அதே சமூகச் சூழலில் உள்ள நியாயமான ஒரு மனிதர் அந்த நிலையில் தன்னடக்கம் இழப்பாரா என்பது அளவுகோல். கொலைக்கான அடி, ஆத்திரம் தணிவதற்கு முன்பே விழுந்திருக்க வேண்டும். நானாவதியின் கதை இங்கேதான் கவிழ்ந்தது. மனைவி சொன்னதைக் கேட்டபின் அவர் வீட்டை விட்டுக் கிளம்பியது ஏறத்தாழ ஒன்றரை மணிக்கு. சுட்டது நான்கு இருபதுக்கு. இடையில் மனைவியையும் குழந்தைகளையும் திரையரங்கில் விட்டுவிட்டு, கப்பலுக்குப் போய்ப் பொய்க் காரணம் சொல்லித் துப்பாக்கியும் குண்டுகளும் வாங்கியிருந்தார். தன்னடக்கம் திரும்ப இந்த நேரம் போதும் என்று நீதிமன்றம் கண்டது. அவருடைய முதன்மை வாதம் கைகலப்பில் துப்பாக்கி தானாக வெடித்தது என்பது. அதையும் நீதிமன்றம் பொருட்களை வைத்தே எடைபோட்டது: அஹுஜாவின் உடலில் கட்டியிருந்த துண்டு அவிழாமல் இருந்தது. இருவர் துப்பாக்கிக்காகப் போராடியிருந்தால் அது அப்படியே இருந்திருக்குமா?

மாணவருக்கான பயிற்சி இப்படி அமையலாம். ஒரு தாளில் மேனியன் மனைவி சொன்னதைக் கேட்டது முதல் சுட்டது வரை அவர் செய்த ஒவ்வொன்றையும் வரிசையாக எழுதட்டும். அருகில் நானாவதியின் வரிசை. எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று அடிக்கோடு போடட்டும். இருவரும் துப்பாக்கியைத் தேடிப் போனவர்கள். ஆனால் ஒருவர் கேட்டது வன்முறை பற்றி, இன்னொருவர் கேட்டது உறவு பற்றி. இந்த வேறுபாடு ஆத்திரத்தின் கடுமையை மாற்றுகிறது. நேர இடைவெளியை மாற்றவில்லை. 'கடும்' என்ற சொல்லுக்கும் 'திடீர்' என்ற சொல்லுக்கும் தனித்தனியே நிரூபணம் வேண்டும் என்பதைப் பாடப்புத்தகத்தின் விளக்கத்தைவிட இந்தத் தாள் நன்றாகப் புரியவைக்கும்.

மூன்று நிறங்களில் குறிப்பு

உண்மையையும் நாடகத்தையும் பிரிக்க 'இது நிஜம், இது பொய்' என்று இரண்டாகப் பிரித்தால் போதாது. மூன்று நிறப் பேனா வேண்டும். அந்த இடத்தில், அந்தக் காலத்தில் சரியாக இருந்து, இன்றும் சரியாக இருப்பதற்கு ஒரு நிறம். அன்று சரி, இன்று மாறிவிட்டது என்பதற்கு இன்னொன்று. எந்தக் காலத்திலும் நடக்காதது, அல்லது மிக அரிதாக நடப்பது, கதைக்காகச் சேர்த்தது என்பதற்கு மூன்றாவது. மாணவர்கள் பெரும்பாலும் இரண்டாவதையும் மூன்றாவதையும் குழப்பிக்கொள்கிறார்கள். பழைய சட்டத்தைப் பார்த்து 'படம் தவறு' என்று சொல்லிவிடுகிறார்கள்.

இரண்டாவது நிறத்துக்குச் சிறந்த உதாரணம் லாராவின் சாட்சியம். அவர் என்ன உடுத்தியிருந்தார், எப்படிப் பழகினார் என்று அரசுத் தரப்பு நோண்டுகிறது. பார்க்கவே வலிக்கும் பகுதி. மாணவருக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். இப்படிக் கேட்பதைக் கட்டுப்படுத்தும் விதி அமெரிக்கக் கூட்டாட்சிச் சாட்சிய விதிகளில் 1978இல் வந்தது. இந்தியாவில் 2013 திருத்தத்தில் பழைய சாட்சியச் சட்டத்தின் 53-அ பிரிவு சேர்க்கப்பட்டது; புதிய பாரதிய சாக்ஷ்ய அதினியமில் அது 48ஆம் பிரிவு. ஆனால் 'இன்று இப்படிக் கேட்கவே முடியாது' என்று மாணவர் எழுதினால் அதையும் திருத்த வேண்டும். அது பாலியல் குற்ற வழக்கில், சம்மதம் பற்றிய கேள்வியில் பொருந்தும் பிரிவு. இங்கே நடப்பது கொலை வழக்கு. லாரா அதில் ஒரு சாட்சி. பிரிவு நேரடியாகப் பொருந்தாது. பிறகு எதன் அடிப்படையில் ஆட்சேபிப்பீர்கள்? தொடர்பில்லாத கேள்வி என்றா, அவமதிக்கும் கேள்வி என்றா? பிரிவின் எல்லையைப் படிக்கும் பழக்கம் இப்படித்தான் வரும்.

மூன்றாவது நிறத்துக்கு வழக்கின் இறுதியில் வரும் காட்சி. மேரி பிலான்ட் என்ற பெண் கூண்டில் நிற்கிறார். அவருக்கும் க்வில்லுக்கும் காதல் உறவு இருந்தது என்ற ஊகத்தில் அரசுத் தரப்பு வழக்கறிஞர் டான்சர் அவரை நெருக்குகிறார். க்வில் தன் தந்தை என்று அவர் பதில் சொல்கிறார். அரசுத் தரப்பின் வாதம் அந்த இடத்திலேயே சரிகிறது. கடைசி நேரத்தில் புதிய சாட்சியும் புதிய பொருளும் வந்து வழக்கைப் புரட்டிப்போடுவது நாடகம். இன்று பெரும்பாலான நாடுகளில் அரசுத் தரப்பு தன் ஆவணங்களையும் சாட்சிகளின் வாக்குமூலங்களையும் முன்பே எதிரிக்குக் கொடுக்க வேண்டும். எதிரிக்குச் சாதகமானதை மறைக்கக்கூடாது என்ற பிரேடி தீர்ப்பு அமெரிக்காவில் வந்ததே 1963இல், அதாவது இந்தப் படத்துக்குப் பிறகு. எதிரித் தரப்பு திடீர்ச் சாட்சியைக் கொண்டுவந்தால், அதைச் சரிபார்க்க அரசுத் தரப்பு அவகாசம் கேட்கும்.

ஆனால் டான்சர் சரிந்த காரணம் நாடகம் அல்ல. பதில் தெரியாத கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்டார். ஊகத்தை உண்மை போல வைத்துக் கேட்டார். இதற்கு நெறிமுறைப் பக்கமும் உண்டு. சாட்சியின் நடத்தையைக் களங்கப்படுத்தும் கேள்வியை நியாயமான அடிப்படை இல்லாமல் கேட்கக்கூடாது என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 149ஆம் பிரிவு சொன்னது. புதிய பாரதிய சாக்ஷ்ய அதினியமில் அது 152ஆம் பிரிவு. ஆகவே ஒரே காட்சியில் முதல் நிறமும் மூன்றாவது நிறமும் சேர்ந்து விழும். மாணவரின் தாளில் இரண்டும் சேர்ந்து இல்லையென்றால் அவர் காட்சியை முழுவதுமாக ஒரு பக்கம் தள்ளிவிட்டார் என்று தெரிந்துகொள்ளலாம்.

படத்தின் முடிவையும் விடக்கூடாது. மனநிலை காரணமாகக் குற்றவாளி அல்ல என்ற தீர்ப்பு வந்ததும் மேனியன் ஊரைவிட்டே போய்விடுகிறார், வழக்கறிஞருக்குக் கட்டணமும் தராமல். தன்னைக் கட்டுப்படுத்த முடியாத உந்துதலால் கிளம்பிவிட்டதாகக் குறிப்பு மட்டும் எழுதிவைக்கிறார். சிறையில் பீக்லர் விதைத்த சொல் இப்படி அவருக்கே திரும்பி வருகிறது. முதல் காட்சியைப் பற்றிய விவாதத்தை இங்கே மீண்டும் திறக்கலாம். சட்டத்தின் பக்கம், இப்படி விடுதலையானவர் நேராக வீட்டுக்குப் போவது எல்லா இடத்திலும் நடப்பதல்ல. இந்தியாவில் செயலைச் செய்தவர் அவர்தான் என்று நீதிமன்றம் கண்டால், பாதுகாப்பான காவலிலோ உறவினரின் பொறுப்பிலோ ஒப்படைக்க உத்தரவிட வேண்டும். மனநிலைத் தற்காப்பு எளிதில் தப்பிக்கும் வழி என்ற எண்ணம் மாணவர் மனதில் நிற்காமல் இருக்க இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

எப்படிக் காட்டுவது

முழுப் படத்தையும் முதலில் ஒருமுறை இடைநிறுத்தாமல் பார்க்கட்டும், குறிப்பு எடுக்காமல். கதை தெரிந்தபின்தான் அதன் இழுப்பிலிருந்து மனம் விடுபடும். அடுத்த அமர்வில் மேலே சொன்ன காட்சிகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றிலும் முடிவுக்குச் சற்று முன்னால் நிறுத்த வேண்டும். ஆட்சேபம் எழுந்து, நீதிபதி வாய் திறக்கும் முன் நிறுத்தி, 'நீங்கள் நீதிபதியானால்?' என்று கேட்டுக் காரணத்தோடு இரண்டு வரி எழுதச் சொல்லலாம். பிறகு ஓடவிட்டு ஒப்பிடலாம். காரணம் இல்லாத பதில், சரியாக இருந்தாலும், கணக்கில் சேராது.

ஒரு காட்சியை இதற்குத் தனியே பரிந்துரைக்கலாம். சாட்சியம் ஒன்றைப் புறக்கணிக்கும்படி நீதிபதி ஜூரிக்குச் சொல்கிறார். கேட்டுவிட்டதை எப்படிப் புறக்கணிக்க முடியும் என்று மேனியன் தன் வழக்கறிஞரிடம் கேட்கிறார். முடியாது என்பதுதான் பீக்லரின் பதில். கூடாத கேள்வியைத் தெரிந்தே கேட்டுவிட்டுப் பின்வாங்கும் உத்தி இங்கே வெளிப்படையாகவே வருகிறது. ஜூரி இல்லாத, நீதிபதி மட்டுமே விசாரிக்கும் முறையில் இந்த உத்திக்கு எவ்வளவு பலன் இருக்கும் என்று மாணவரிடம் கேட்கலாம்.

இரண்டாவது படம் வேண்டுமென்று கேட்பவர்களுக்கு 1957இல் வந்த '12 ஆங்கிரி மென்' போதும். நியாயமான சந்தேகம் என்றால் என்ன என்பதை, சாட்சி ஓடிவந்ததாகச் சொன்ன நேரத்தை நடந்து பார்த்து அளக்கும் காட்சியில் கண்ணெதிரே காட்டும் படம். ஆனால் அதன் புகழ்பெற்ற திருப்பமே சட்டப்படி பிழை. கொலையில் பயன்பட்ட கத்தி போல வேறு இல்லை என்பது வாதம். ஒரு ஜூரர் தானே கடைக்குப் போய் அதே போன்ற கத்தியை வாங்கி வந்து மேசையில் குத்துகிறார். நீதிமன்றப் பதிவில் இல்லாத சாட்சியம் இது. இருதரப்புக்கும் அதைப் பற்றிக் கேள்வி கேட்க வாய்ப்பே கிடைக்கவில்லை. தெரிய வந்திருந்தால் விசாரணையே செல்லாமல் போயிருக்கலாம். இதனுடன் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 310ஆம் பிரிவை வைத்துப் படிக்கச் சொல்லலாம். நீதிபதி சம்பவ இடத்தை நேரில் பார்க்கலாம் என்று அது அனுமதித்தது. ஆனால் இருதரப்புக்கும் அறிவிப்புக் கொடுத்துத்தான் போக வேண்டும், பார்த்ததைத் தாமதமில்லாமல் குறிப்பாக எழுதிப் பதிவில் சேர்க்க வேண்டும், கேட்டால் அதன் நகலைக் கட்டணமின்றித் தர வேண்டும். அந்த ஜூரர் செய்ததில் இந்த மூன்றில் எது எது இல்லை என்று மாணவர் எழுதித் தரட்டும்.